கர்ப்ப காலத்தில் கிட்னி கல்: எந்த ஸ்கேன், எந்தச் சிகிச்சை, எந்த வரிசையில்

ஆறாம் மாதமோ ஏழாம் மாதமோ நடக்கிறது. நடு இரவில் வலது விலாவுக்குக் கீழே முறுக்கிப் பிடிக்கும் வலி வருகிறது. ஸ்கேன் எடுத்தால் 'வலது சிறுநீரகத்தில் ஹைட்ரோநெஃப்ரோசிஸ்' என்று எழுதிக் கொடுக்கிறார்கள். அடுத்து என்ன செய்வது, எந்த ஸ்கேனுக்குச் சம்மதிக்கலாம், எந்த மாத்திரையைத் தொடக்கூடாது, எப்போது ஆபரேஷன் என்பவைதான் இந்த அத்தியாயம். கர்ப்பிணிக்கு மட்டுமல்ல, அவரோடு ஆஸ்பத்திரிக்கு ஓடப்போகிற கணவருக்கும் அம்மாவுக்கும் சேர்த்தே எழுதியிருக்கிறேன். வலியில் துடிப்பவரால் கேள்வி கேட்க முடியாது. கூட இருப்பவர்தான் கேட்க வேண்டும்.

## வீக்கம் எல்லாம் கல் அல்ல

கோட்பாடாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஹைட்ரோநெஃப்ரோசிஸ் என்றால் சிறுநீரகத்துக்குள் சிறுநீர் தேங்கி உப்பியிருக்கிறது என்று பொருள். கல் அடைத்தாலும் அப்படி ஆகும், கல்லே இல்லாமல் கர்ப்பத்தாலும் ஆகும். வளரும் கருப்பை, சிறுநீர் இறங்கிவரும் யூரிட்டர் குழாயை இடுப்பெலும்பின் விளிம்பில் வைத்து அழுத்துகிறது. ஹார்மோன்கள் அந்தக் குழாயைத் தளர்த்துகின்றன. கருப்பை வலப்புறம் சற்றுச் சாய்ந்திருப்பதால் வலது பக்கம் அதிகமாக உப்பும். கடைசி மூன்று மாதங்களில் பெரும்பாலான கர்ப்பிணிகளின் வலது சிறுநீரகம் ஓரளவு வீங்கித்தான் இருக்கும். அவர்களில் பலருக்கு வலியே இருக்காது.

அதனால் இரண்டு விதமான தவறுகள் நடக்கின்றன. வீக்கத்தைப் பார்த்ததும் கல் என்று முடிவுகட்டித் தேவையில்லாத சிகிச்சைக்குப் போவது ஒன்று. 'கர்ப்பத்தில் இதெல்லாம் சகஜம்' என்று உண்மையான அடைப்பைத் தட்டிக்கழிப்பது இன்னொன்று. இரண்டாவதுதான் ஆபத்தானது. அடைபட்ட சிறுநீரில் கிருமி சேர்ந்தால் சில மணி நேரத்திலேயே நிலைமை கைமீறிப் போகலாம்.

## வலி வந்த முதல் சில மணி நேரம்

1. காய்ச்சல் பாருங்கள், பிறகு மாத்திரை போடுங்கள். பாராசிட்டமால் வலியோடு காய்ச்சலையும் மறைத்துவிடும். முதலில் தெர்மாமீட்டரில் பார்த்து, மணியோடு குறித்துவையுங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ இருந்தால் வீட்டில் காத்திருக்க வேண்டாம்.

2. வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். 650 மில்லிகிராம் மாத்திரை ஒன்று போடலாம். அடுத்ததற்கு 6 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஒரு நாளில் 4 மாத்திரையைத் தாண்டக்கூடாது. கல்லீரல் நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதையும் போடக்கூடாது.

3. வலிக்கும் பக்கம் மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுங்கள். வலது பக்கம் வலித்தால் இடது பக்கமாகச் சாய்ந்து படுக்க வேண்டும். கருப்பையின் பாரம் அந்தக் குழாயிலிருந்து விலகும். கர்ப்பத்தால் வந்த வீக்கம் மட்டும் என்றால், இதிலேயே வலி நன்றாகக் குறைவதுண்டு.

4. சிறுநீரின் நிறத்தைக் கவனியுங்கள். டீ நிறமோ இளஞ்சிவப்போ தெரிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். நிறம் மாறாவிட்டாலும் சோதனையில் ரத்த அணுக்கள் தெரியலாம்.

5. அன்றைக்கே பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் போங்கள். குடல்வால் அழற்சி, கருப்பைச் சுருக்கம், நஞ்சுக்கொடி பிரிதல், ரத்த அழுத்தத்தால் வரும் மேல்வயிற்று வலி எல்லாமே கிட்னி வலி போலத் தோன்றலாம். முதல் மூன்று மாதத்தில் என்றால் குழாய்க் கர்ப்பம் இல்லை என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். ஏற்கெனவே கல் வந்தவர் என்பதால் இதுவும் கல்தான் என்று வீட்டிலேயே தீர்மானிக்காதீர்கள்.

உடனே 108-ஐ அழைக்க வேண்டிய நிலைகள்: குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், சிறுநீர் வராமல் நின்றுபோதல், தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, ரத்தப்போக்கு, நீர் கசிதல், விட்டுவிட்டு வயிறு கல் போல இறுகுதல், குழந்தையின் அசைவு குறைதல். ஒற்றைச் சிறுநீரகம் மட்டுமே உள்ளவருக்கு அந்தப் பக்கம் வலி வந்தாலே அவசரம்தான்.

டைக்லோஃபெனாக் ஊசி வேண்டாம். நம் ஊரில் கிட்னி வலி என்று எந்த கிளினிக்குக்குப் போனாலும் முதலில் கை போவது இந்த ஊசிக்குத்தான். கர்ப்பிணி அல்லாதவருக்கு அது நல்ல மருந்து. கர்ப்பத்தில் 20 வாரத்துக்குப் பிறகு டைக்லோஃபெனாக், ஐபுப்ரூஃபன் வகை மருந்துகள் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் வெளிப்படையாகவே இதை எச்சரித்தது. 30 வாரத்தை ஒட்டி, குழந்தையின் இதயத்தருகே திறந்திருக்க வேண்டிய ரத்தக்குழாய் முன்கூட்டியே சுருங்கும் அபாயமும் சேர்கிறது. புடவையோ தளர்ந்த சுடிதாரோ அணிந்திருந்தால் ஆறாம் மாதம்கூட வெளியே தெரியாமல் போகும். ஊசி போடும் முன் 'நான் இத்தனை வாரக் கர்ப்பிணி' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பாராசிட்டமாலில் அடங்காத வலிக்கு டிராமடால், மார்ஃபின் போன்றவற்றைக் குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு ஆஸ்பத்திரியில் கொடுப்பார்கள். அதற்குப் பயப்பட வேண்டாம்.

## ஸ்கேன் அறையில்: முதல் சோதனை அல்ட்ராசவுண்டுதான்

கதிர்வீச்சு இல்லாதது, எல்லா ஊரிலும் கிடைப்பது, தேவைப்பட்டால் நாளைக்கே மறுபடி எடுக்கக்கூடியது. அதனால் எப்போதும் இதுதான் முதலில். சிறுநீர்ச் சோதனை, யூரின் கல்ச்சர், ரத்தத்தில் கிரியேட்டினின், வெள்ளணு எண்ணிக்கை ஆகியவற்றையும் அதோடு சேர்த்தே செய்துவிடுவார்கள். ஆன்ட்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன்பே கல்ச்சருக்குச் சிறுநீர் கொடுத்துவிடுவது நல்லது.

அல்ட்ராசவுண்டின் பலவீனம் என்னவென்றால், சிறுநீரகத்துக்குள் இருக்கும் கல்லை ஓரளவு காட்டும், குழாயின் நடுப்பகுதியில் சிக்கிய கல்லைப் பெரும்பாலும் தவறவிடும். ஆகவே 'கல் தெரியவில்லை' என்ற ரிப்போர்ட்டுக்குக் கல் இல்லை என்று அர்த்தமில்லை. வீக்கத்துக்குக் காரணம் கல்லா கர்ப்பமா என்று பிரித்துச் சொல்ல, அதே மெஷினில் வேறு சில இடங்களைப் பார்க்க வேண்டும்.

1. குழாய் எதுவரை உப்பியிருக்கிறது? கர்ப்பத்தால் வரும் வீக்கம் இடுப்பெலும்பின் விளிம்போடு நின்றுவிடும். அதற்குக் கீழேயும் குழாய் உப்பியிருந்தால் கல்லைச் சந்தேகிக்க வேண்டும்.

2. சிறுநீர் பீய்ச்சல் வருகிறதா? டாப்ளர் வைத்துப் பார்த்தால், இரண்டு குழாய்களிலிருந்தும் சிறுநீர்ப்பைக்குள் சிறுநீர் விட்டுவிட்டுப் பீய்ச்சுவது வண்ணக் கீற்றாகத் தெரியும். வலிக்கும் பக்கம் மட்டும் சில நிமிடங்கள் காத்திருந்தும் வரவில்லை என்றால் அடைப்பு இருக்கலாம். இதை ஒருக்களித்துப் படுக்கவைத்தே பார்க்க வேண்டும். நிமிர்ந்து படுத்திருக்கும்போது கருப்பையின் பாரத்தாலேயே, கல் இல்லாதவருக்கும் பீய்ச்சல் தெரியாமல் போகும்.

3. குழாயின் கடைசிப் பகுதியில் கல் இருக்கிறதா? சிறுநீர்ப்பைக்குள் குழாய் நுழையும் இடத்தில் சிக்கும் கல், வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேனில் தெரியாவிட்டாலும் பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேனில் தெளிவாகத் தெரிவதுண்டு. இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் எடுத்த அதே வகை ஸ்கேன்தான்.

குறிப்பு: சிறுநீர்ப்பையை வெடிக்கிற அளவுக்கு நிரப்பிக்கொண்டு போகாதீர்கள். பை அளவுக்கு மீறி நிறைந்தால் அதுவே சிறுநீரகத்தை உப்பிக் காட்டும். பாதி நிறைந்திருந்தால் போதும். வீக்கம் அதிகமாகத் தெரிந்தால், சிறுநீர் கழித்துவிட்டு வந்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று: கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டப்படி, கர்ப்பிணிக்கு அல்ட்ராசவுண்ட் எடுக்கும் மையம் எஃப் படிவம் நிரப்ப வேண்டும். கிட்னிக்காக எடுத்தாலும் கேட்பார்கள். அடையாள அட்டையும் டாக்டர் சீட்டும் கையில் இல்லாமல் நள்ளிரவில் அலைய நேரலாம். இரண்டையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

## அல்ட்ராசவுண்டில் விடை கிடைக்காவிட்டால்

வலி அடங்கி, காய்ச்சலும் இல்லை என்றால் அடுத்த ஸ்கேனுக்கு அவசரம் இல்லை. சிகிச்சை கொடுத்துவிட்டு ஓரிரு நாளில் அல்ட்ராசவுண்டையே மறுபடி எடுக்கலாம். வலி தொடர்ந்தால், அல்லது சிகிச்சையை முடிவுசெய்யத் தெளிவு தேவைப்பட்டால், இரண்டாவது படி எம்.ஆர்.ஐ.

எம்.ஆர்.ஐ.யிலும் கதிர்வீச்சு கிடையாது. மருந்து ஏற்றாமல் எடுக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. காடோலினியம் என்ற அந்த மருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போகும் என்பதால் இதற்கு அது வேண்டாம். எம்.ஆர்.ஐ.யில் கல் நேரடியாகப் பளிச்சென்று தெரியாது. வெள்ளையாகத் தெரியும் சிறுநீருக்கு நடுவே கறுப்பு இடைவெளியாகத்தான் தெரியும். குழாயின் வடிவத்தை அது நன்றாகக் காட்டும். இடுப்பு விளிம்பில் குழாய் சீராகக் கூம்பி முடிந்தால் கர்ப்பத்தின் வேலை. அந்த விளிம்பில் ஒருமுறை குறுகி, கீழே மறுபடி உப்பி, இன்னொரு இடத்தில் சட்டென்று நின்றால் அங்கே கல்.

மூன்றாவது படி சி.டி. ஸ்கேன். 'கர்ப்பிணிக்கு சி.டி.யா!' என்று வீட்டில் பதறுவார்கள். வழக்கமான வயிற்று சி.டி.யை எடுத்த எடுப்பில் எடுக்கக்கூடாது என்பது உண்மை. ஆனால் குறைந்த கதிர்வீச்சில், கல்லுக்கென்றே எடுக்கும் சி.டி. வேறு. அதில் குழந்தைக்குப் போகும் கதிர்வீச்சை 4 மில்லிகிரேக்குக் கீழே வைக்க முடியும். பிறவிக் குறைபாடுகளோடு தொடர்புபடுத்தப்படும் அளவு 50 மில்லிகிரேக்கு மேல். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2017-இல் வெளியிட்ட பரிந்துரையும், உண்மையிலேயே தேவைப்படும் சோதனையைக் கர்ப்பத்தைக் காரணம் காட்டி மறுக்கக்கூடாது என்றே சொல்கிறது. முதல் மூன்று மாதம் கடந்து, மற்ற இரண்டு ஸ்கேனிலும் விடை கிடைக்காமல், சிகிச்சை அந்த விடைக்காகக் காத்திருக்கிறது என்றால் மட்டும் இதற்குச் சம்மதியுங்கள். 'லோ டோஸ், கல்லுக்கு மட்டும், மருந்து ஏற்றாமல்' என்று டாக்டர் சீட்டில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வயிற்று எக்ஸ்ரேயால் பெரிய பயன் இல்லை. கருப்பையும் குழந்தையின் எலும்புகளும் மறைத்துவிடும்.

## ஓர் உதாரணம்: 26 வாரம், வலது பக்கம்

மலர் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். தலைப்பிரசவம், 26 வாரம். வலது விலாவில் தொடங்கிய வலி அடிவயிற்றுக்கு இறங்கியது. இரண்டு முறை வாந்தி. காய்ச்சல் இல்லை. சிறுநீரில் ரத்த அணுக்கள் நிறைய, சீழணுக்கள் குறைவு. முதல் ஸ்கேனில் வலது சிறுநீரகம் நடுத்தர அளவு உப்பியிருந்தது, கல் தெரியவில்லை. 'கர்ப்பத்தில் இப்படித்தான் இருக்கும்' என்று அனுப்பிவிட்டார்கள்.

மறுநாளும் வலி. இந்த முறை இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்துப் பார்த்தார்கள். இடது குழாயிலிருந்து பீய்ச்சல் வந்தது, வலதில் வரவேயில்லை. குழாய் இடுப்பு விளிம்புக்குக் கீழேயும் உப்பியிருந்தது. பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் எடுத்ததும், சிறுநீர்ப்பைக்குச் சற்று முன்னால் 7 மில்லிமீட்டர் கல் தெரிந்தது. எம்.ஆர்.ஐ. தேவைப்படவில்லை. அதே மெஷின்தான். இரண்டாம் முறை பார்த்தவர் என்ன தேட வேண்டும் என்று தெரிந்து தேடினார்.

காய்ச்சல் இல்லை, கிரியேட்டினின் சரியாக இருக்கிறது, குழந்தையும் நன்றாக இருக்கிறது. எனவே முதல் தீர்மானம் காத்திருப்பது.

## காத்திருக்கும் காலத்தில் வீட்டில் செய்ய வேண்டியவை

கர்ப்பத்தில் கல் வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அது தானாகவே வெளியேறிவிடும். 5 மில்லிமீட்டருக்குக் கீழ் என்றால் வாய்ப்பு அதிகம். கல் பெரிதாகப் பெரிதாகக் குறையும்.

1. தாகத்துக்குச் சற்று அதிகமாகவே தண்ணீர் குடியுங்கள். சிறுநீர் வெளிறிய மஞ்சளாகப் போனால் போதுமான அளவு. வலி உச்சத்தில் இருக்கும்போது லிட்டர் கணக்கில் குடித்துக் கல்லைத் தள்ளப் பார்க்காதீர்கள். அடைப்புக்கு மேலே அழுத்தம் கூடி வலிதான் அதிகமாகும்.

2. ஒவ்வொரு முறையும் சிறுநீரைக் குவளையில் பிடித்து, அதற்கென்றே வாங்கிய டீ வடிகட்டியில் ஊற்றுங்கள். மணல் போலக் கிடைத்தாலும் சின்ன டப்பாவில் போட்டுவையுங்கள். எந்த வகைக் கல் என்று பிறகு சோதிக்கலாம். கல் வந்துவிட்டது என்பதற்கும் வேறு நிச்சயமான சாட்சி இல்லை. வலி நின்றுவிட்டது என்பதை மட்டும் வைத்துக் கல் போய்விட்டதாக நினைக்காதீர்கள்.

3. தினமும் காலையும் மாலையும் காய்ச்சல் பாருங்கள்.

4. டாக்டர் சொன்ன நாளில் ஸ்கேனும் சிறுநீர்ச் சோதனையும் செய்யுங்கள்.

கால்சியம் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். 'கால்சியம்தானே கல்லாகிறது' என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். குழந்தையின் எலும்புக்கும் உங்கள் ரத்த அழுத்தத்துக்கும் அது தேவை. சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டால், உணவிலிருக்கும் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். நிறுத்த வேண்டுமா என்பதை டாக்டர் சொல்லட்டும்.

வாழைத்தண்டுப் பொரியலும் கூட்டும் தாராளமாகச் சாப்பிடுங்கள், அது உணவு. ஆனால் குழாயில் சிக்கி அடைத்து நிற்கும் கல்லை வாழைத்தண்டுச் சாறு கரைக்கும் என்று நம்பி நாட்களைக் கடத்தாதீர்கள். நெருஞ்சில், சிறுபீளை கஷாயங்களும் நாட்டு மருந்துக் கடைப் பொடிகளும் கர்ப்பத்தில் பாதுகாப்பானவை என்று நிரூபிக்கப்படவில்லை. அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். கல் இறங்க டாம்சுலோசின் கொடுப்பதுண்டு. கர்ப்பிணிகளிடம் அதற்கான ஆதாரம் குறைவு. யூராலஜி டாக்டரும் மகப்பேறு டாக்டரும் பேசி எழுதிக் கொடுத்தால் மட்டும் போடுங்கள். பழைய சீட்டில் இருக்கிறது என்று சிப்ரோஃப்ளாக்சசின் வாங்கிப் போடவும் கூடாது.

## காத்திருக்க முடியாத நிலைமைகள்

காய்ச்சலோடு அடைப்பு, ஒற்றைச் சிறுநீரகத்தில் அடைப்பு, கிரியேட்டினின் ஏறுதல், மருந்துக்கு அடங்காத வலி, குறைமாதப் பிரசவ வலி தொடங்குதல். இவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் காத்திருப்பு முடிந்தது. அடுத்த வழிகள் இவை.

சிறுநீரை வடிய விடுவது. காய்ச்சல் இருந்தால் எப்போதும் இதுதான் முதலில். கல்லை அன்றைக்கு எடுக்கப் பார்க்கக்கூடாது. கிருமி நிறைந்த குழாய்க்குள் கருவியை விட்டுக் கல்லை உடைத்தால் கிருமி ரத்தத்தில் பரவும். ஆன்ட்டிபயாட்டிக் கொடுத்துக்கொண்டே, கீழிருந்து டி.ஜே. ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைப்பார்கள். இல்லாவிட்டால் முதுகுப்புறம் மரத்துப்போக ஊசி போட்டு, அல்ட்ராசவுண்ட் பார்த்தபடியே சிறுநீரகத்துக்குள் நெஃப்ராஸ்டமி குழாய் வைத்து, வெளியே பையில் வடிய விடுவார்கள். ஸ்டென்டால் அடிக்கடி சிறுநீர் வரும் உணர்வும் எரிச்சலும் இருக்கும். வெளிக்குழாய் கழன்று வந்துவிடும் தொல்லை உண்டு. இரண்டுமே உயிர் காக்கும், எது அந்த ஆஸ்பத்திரியில் வேகமாகக் கிடைக்கிறதோ அதற்குச் சம்மதியுங்கள்.

யூரிட்டரோஸ்கோப்பி. மெல்லிய கருவியைச் சிறுநீர்ப் பாதை வழியாகவே விட்டு, லேசரில் உடைத்தோ கூடையில் பிடித்தோ கல்லை எடுப்பது. வெட்டு கிடையாது. பழகிய யூராலஜிஸ்டும் மகப்பேறு வசதியும் ஒரே இடத்தில் இருந்தால் கர்ப்பத்திலும் இது பாதுகாப்பான வழி. நடு மூன்று மாதங்கள் வசதியான காலம். சிறுநீர்க் கிருமி இல்லை என்று கல்ச்சர் காட்டிய பிறகே செய்ய வேண்டும்.

கிருமி இல்லாதவர் ஸ்டென்டா, யூரிட்டரோஸ்கோப்பியா என்று தேர்ந்தெடுக்க, பிரசவத்துக்கு இன்னும் எத்தனை வாரம் என்று எண்ணிப் பாருங்கள். கர்ப்பத்தில் ஸ்டென்டின் மேல் உப்பு வேகமாகப் படியும். அதனால் 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மலருக்குப் பத்து நாள் காத்திருந்தும் கல் நகரவில்லை, வலி திரும்பத் திரும்ப வந்தது. அப்போது ஏறக்குறைய 28 வாரம். ஸ்டென்ட் வைத்தால் பிரசவத்துக்குள் குறைந்தது இரண்டு முறையாவது மாற்ற வேண்டியிருக்கும். கல் அப்போதும் உள்ளேயே இருக்கும். அவர் ஒரே முறையில் கல்லை எடுக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தார். முதுகில் மயக்க ஊசி, இடது பக்கச் சாய்வு, முன்னும் பின்னும் குழந்தையின் இதயத் துடிப்புச் சோதனை, எக்ஸ்ரேக்குப் பதில் அல்ட்ராசவுண்ட் வழிகாட்டல். சில நாளைக்கு மட்டும் ஒரு ஸ்டென்ட். அதே கல் 36 வாரத்தில் வந்திருந்தால், ஸ்டென்ட் வைத்துப் பிரசவம் முடிந்து கல்லை எடுப்பதே எளிது என்று நானும் சொல்லியிருப்பேன்.

கேட்டாலும் ஒப்புக்கொள்ளக் கூடாதது: வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்துக் கல்லை உடைக்கும் சிகிச்சை. கர்ப்பத்தில் இது முற்றிலும் தடை. ஓரிரு மாதக் கர்ப்பம் தெரியாமல் இதற்குப் போகும் அபாயமும் உண்டு. குழந்தை பெறும் வயதில் இருப்பவர் இதற்கு முன்பு கர்ப்பச் சோதனை செய்துகொள்ள வேண்டும். முதுகில் துளையிட்டுப் பெரிய கல்லை எடுக்கும் ஆபரேஷனையும் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

## பிரசவத்துக்குப் பிறகு

கர்ப்பத்தால் வந்த வீக்கம் சில வாரங்களில் வடிந்துவிடும். ஆறு வாரம் கழித்து ஒரு ஸ்கேன் எடுத்து, கல் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். ஏன் கல் வந்தது என்று கண்டுபிடிக்கும் 24 மணி நேரச் சிறுநீர்ச் சோதனைகளைப் பாலூட்டும் காலம் முடிந்தபின் செய்வதே சரியாக இருக்கும்.

ஸ்டென்ட் உள்ளேயே இருந்தால் அதை எடுக்கும் தேதிதான் எல்லாவற்றையும்விட முக்கியம். கைக்குழந்தையோடு இருக்கும்போது வலி இல்லாத ஒரு குழாயை மறந்துவிடுவது எளிது. மாதக்கணக்கில் மறந்த ஸ்டென்ட் கல்லோடு கல்லாக இறுகி, ஒரு சிறுநீரகத்தையே பலிவாங்கியதுண்டு. ஸ்டென்ட் வைத்த தேதி, எந்தப் பக்கம், எடுக்க வேண்டிய தேதி மூன்றையும் தாய்-சேய் நல அட்டையின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிவையுங்கள். கணவரின் கைபேசியிலும் அதே தேதிக்கு நினைவூட்டல் வையுங்கள்.